லேபிள் போன நான்கு வெள்ளைப் பொடிகள்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு அலமாரியின் அடித்தட்டில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டி நெடுநாளாக இருந்தது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பக்கத்துப் புட்டிகளின் லேபிளில் முதலில் மை வெளுத்தது, பிறகு காகிதமே பொடிந்து உதிர்ந்தது. அப்படி லேபிள் போனவை நான்கு, நான்கிலும் வெள்ளைப் பொடி. இருப்புப் பதிவேட்டைப் புரட்டியதில் அந்தத் தட்டுக்கு எழுதியிருந்தவை கால்சியம் கார்பனேட், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட், பேரியம் கார்பனேட், மக்னீசியம் கார்பனேட். எது எதில் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

உப்புப் பகுப்பாய்வு செய்முறைக்கு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பொருள்கள் இவை. தெரியாமல் கொடுக்கவும் முடியாது, கழிவுத் தொட்டியில் கொட்டவும் முடியாது. காரணம், நான்கில் ஒன்று பேரியம். பேரியம் கார்பனேட் தண்ணீரில் கரையாது. ஆனால் வயிற்றில் இருக்கும் அமிலத்தில் கரைந்து நஞ்சாகும். ஒரு காலத்தில் எலி மருந்தாகவே பயன்பட்ட பொருள் அது. அதனால் கையுறை போட்டுக்கொண்டு, புட்டிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு வேலையைத் தொடங்கினேன். எண்ணைப் பென்சிலால் எழுதி, மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டினேன். பென்சில் எழுத்தை அமில ஆவி வெளுக்காது.

எதிரயனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்குமே நீர்த்த அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கின. வந்த வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கியது. கார்பனேட்தான், சந்தேகமில்லை. இதில் ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு நீர்த்த சல்பூரிக் அமிலம் ஊற்றினால் கால்சியமும் பேரியமும் முதலில் சட்டென்று நுரைத்துவிட்டு உடனே அடங்கிவிடும். கரையாத சல்பேட் பொடியின் மேல் படலமாகப் படிந்து அமிலத்தை உள்ளே விடாது. 'லேசாகத்தான் நுரைத்தது, கார்பனேட் இல்லை போல' என்று மாணவர்கள் எழுதுவது இங்கேதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

எதிரயனி நான்குக்கும் ஒன்றே என்பதால் நேரயனியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால்தான் இந்த நால்வரும் சுடர்ச் சோதனைக்கு நல்ல பரீட்சை.

முதலில் கம்பி. பிளாட்டினம் கம்பி எங்களிடம் இல்லை. கண்ணாடிக் கோலின் நுனியில் பசையை எடுத்துச் சுடரில் காட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். ஆனால் சாதாரணக் கண்ணாடியிலேயே சோடியம் உண்டு. கோல் நன்றாகச் சூடானதும் அதுவே மஞ்சளாக எரியத் தொடங்கும். செம்மஞ்சளும் சிவப்பும் பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இது பெரிய தொல்லை. எலக்ட்ரிக் கடையில் மின் அடுப்புக்குப் போடும் சுருள் கம்பி கிடைக்கும், பெரும்பாலும் நிக்ரோம்தான். அதில் ஒரு சாண் நீளம் வெட்டி நேராக்கி, நுனியில் கடுகு நுழையும் அளவுக்கு ஒரு வளையம் வைத்தேன். மறுமுனையைக் கார்க்கில் செருகிவிட்டால் கைப்பிடி தயார்.

புதுக் கம்பியைச் சுடரில் காட்டினால் பளீரென்று மஞ்சள்தான் வரும். விரலில் இருக்கும் வியர்வை உப்பு போதும் அதற்கு. வாட்ச் கிளாஸில் கொஞ்சம் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்து, கம்பியை அதில் தோய்ப்பதும் சுடரில் பழுக்கக் காய்ச்சுவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சுடரில் வைத்தும் நிறம் எதுவும் எழாதபோதுதான் கம்பி சுத்தம். அதன்பின் வளையத்தைக் கையால் தொடக்கூடாது. கம்பியைக் கழுவும் அமிலமும் உப்பைத் தொட்டுக்கொள்ளும் அமிலமும் தனித்தனி வாட்ச் கிளாஸில் இருக்கட்டும். கழுவும் அமிலம் சீக்கிரமே அழுக்காகிவிடும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும். இதெல்லாம் ஜன்னல் திறந்த இடத்தில், மூக்கை விட்டுத் தள்ளி வைத்துச் செய்கிற வேலை.

பன்சன் அடுப்பின் காற்றுத் துளையை முழுக்கத் திறந்து, ஒளிராத நீலச் சுடராக்கிக்கொண்டேன். சுடருக்குப் பின்னால் கறுப்பு சார்ட் பேப்பர் ஒன்றை நிறுத்தினேன். இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய வித்தியாசம் தரும்; வெள்ளைச் சுவர் பின்னணியில் பேரியத்தின் வெளிர் பச்சை கண்ணுக்கே படாமல் போகும். ஸ்பிரிட் விளக்கு இதற்குச் சரிப்படாது. அதன் சுடரில் ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது, சூடும் குறைவு.

பொடியை நேராகச் சுடரில் காட்டாமல் அமிலத்தில் குழைத்துக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. கார்பனேட் சூட்டில் ஆக்சைடாகி அப்படியே உட்கார்ந்துவிடும், எளிதில் ஆவியாகாது. குளோரைடானால் ஓரளவு ஆவியாகும்; ஆவியானால்தான் சுடருக்குள் நிறம் வரும்.

முதல் புட்டி. வளையத்தை அமிலத்தில் நனைத்து, பொடியில் தொட்டு, சுடரின் கீழ்ப்பகுதியின் ஓரத்தில் வைத்தேன். ஒரு கணம் மஞ்சள், உடனே செங்கல் சிவப்பு, பிறகு ஒன்றுமில்லை. அமிலம் வற்றியதும் நிறம் போய்விடுகிறது. மறுபடி அமிலத்தில் நனைத்தால் மறுபடி அதே சிவப்பு ஒரு வீச்சு வருகிறது. கால்சியம் இப்படித்தான், நீடிக்காது. உப்பைக் காட்டிவிட்டு நோட்டைப் பார்த்துத் திரும்புவதற்குள் நிறம் முடிந்துவிடும்.

இரண்டாவது புட்டியும் சிவப்பு. ஆனால் இது கருஞ்சிவப்பு, இன்னும் அடர்த்தியாக, இன்னும் கொஞ்சம் நேரம் நின்றது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு என்று சட்டெனத் தெரிகிறது. தனியாக ஒன்றை மட்டும் காட்டி 'இது செங்கல் சிவப்பா, கருஞ்சிவப்பா' என்று கேட்டால் பழகிய கண்ணும் தடுமாறும். செய்முறைத் தேர்வில் மாணவனிடம் இருப்பது ஒரே உப்பு. ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு எதுவும் இல்லை. இதற்குத்தான் கோபால்ட் நீலக் கண்ணாடி. அது சோடியத்தின் மஞ்சளைக் கிட்டத்தட்ட முழுக்க விழுங்கிவிடும். நீலக் கண்ணாடி வழியே பார்த்தபோது முதல் புட்டியின் சிவப்பு மறைந்து மங்கலான இளம்பச்சை தெரிந்தது. இரண்டாவது ஊதாவாகத் தெரிந்தது. ஒன்று பச்சைக்கும் மற்றது ஊதாவுக்கும் போவதால் குழப்பத்துக்கு இடமே இல்லை. சிவப்பின் சாயல்களைப் பிரிக்கச் சொல்வதைவிட இந்த ஒரு கண்ணாடித் துண்டை மாணவன் கையில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவது புட்டி பொறுமையைச் சோதித்தது. முதலில் வெறும் மஞ்சள். அமிலத்தில் வந்த சோடியம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் வளையத்தைச் சுடரின் சூடான இடத்திலேயே, உள்ளே தெரியும் நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று மேலே, அசையாமல் பிடித்திருந்தேன். மஞ்சள் எரிந்து அடங்கியபின் ஆப்பிள் பச்சை மெல்ல எழுந்தது, நின்று எரிந்தது. பேரியத்தின் உப்பு ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். கால்சியத்தில் அவசரமாகப் பார்க்க வேண்டும், பேரியத்தில் காத்திருந்து பார்க்க வேண்டும். ஒரே சோதனைதான், ஆனால் இரண்டுக்கும் பார்க்கிற விதம் வேறு. தாமிரமும் பச்சை தரும், ஆனால் அதில் நீலம் கலந்திருக்கும், தாமிர உப்புகள் பெரும்பாலும் நிறமுள்ளவை. இங்கே பொடி சுத்த வெள்ளை.

நான்காவது எந்த நிறமும் தரவில்லை. புட்டியைத் தூக்கும்போதே அது பஞ்சுபோல் லேசாக இருந்ததால் மக்னீசியம்தான் என்று ஊகித்திருந்தேன்.

இத்தோடு நிறுத்தினால் போதாது. சுடர் காட்டுவது ஒரு துப்பு மட்டும்தான். முடிவு சோதனைக் குழாயில்தான்.

நான்கும் தனி உப்புகள், அதிலும் கார்பனேட்டுகள் என்பதால் முழுத் தொகுதிப் பிரிப்பு வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு அரிசி அளவு பொடியைப் பெரிய சோதனைக் குழாயில் எடுத்து, 10 மில்லி நீர்த்த அசிட்டிக் அமிலம் ஊற்றி, நுரை அடங்கும் வரை சூடாக்கினேன். நான்கும் தெளிந்த கரைசலாயின. கூடவே ஐந்தாவதாக உப்பு எதுவும் போடாத அசிட்டிக் அமிலம் ஒரு குழாய். இந்த வெற்றுக் குழாய் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அரிசி அளவு என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டும். செய்முறை வகுப்பில் ஒரு மாணவன் குழாயைத் தூக்கிக் காட்டிக் கேட்டான்: "சார், அம்மோனியம் சல்பேட் ஊத்தினதும் வெள்ளையா விழுந்துடுச்சு, ஸ்ட்ரான்ஷியம்னு எழுதிடவா?" அவனுக்குக் கொடுத்திருந்தது கால்சியம். குழாயைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கரண்டி நிறைய உப்பைப் போட்டுக் கெட்டியாகக் கரைத்திருந்தான். கால்சியம் சல்பேட் கரையவே கரையாத பொருள் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும். ஸ்ட்ரான்ஷியம் சல்பேட் அதைவிடப் பல மடங்கு குறைவாகக் கரையும், பேரியம் சல்பேட் இன்னும் மிக மிகக் குறைவு. அதாவது சல்பேட் சோதனை 'ஆம், இல்லை' என்று பிரிப்பது நீர்த்த கரைசலில்தான். கெட்டியான கரைசலில் கால்சியமும் விழும், ஸ்ட்ரான்ஷியம் போலவே வெள்ளையாக விழும்.

அதனால் நான் முதலில் பொட்டாசியம் குரோமேட்டில் தொடங்கினேன். ஒவ்வொரு கரைசலிலும் ஒரு பங்கைத் தனிக் குழாயில் எடுத்து, சில துளிகள் விட்டேன். மூன்றாவது குழாயில் அடர்ந்த மஞ்சள் வீழ்படிவு உடனே இறங்கியது. மற்றவை தெளிந்த மஞ்சள் கரைசலாகவே நின்றன. மூன்று பேரியம், சுடர் சொன்னதும் அதுதான்.

இங்கே அமிலத்தின் தேர்வு முக்கியம். அதே மூன்றாவது பொடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, குரோமேட் சேர்த்துப் பார்த்தேன். வீழ்படிவு வரவில்லை, கரைசல் ஆரஞ்சானது. வலிமையான அமிலத்தில் குரோமேட் டைகுரோமேட்டாக மாறிவிடுகிறது. பேரியத்தோடு சேர்ந்து விழ வேண்டிய குரோமேட் அயனி மிச்சமிருப்பதில்லை. அந்த ஆரஞ்சு நிறம்தான் அடையாளம். குழாயில் மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சைப் பார்த்தால் 'பேரியம் இல்லை' என்று எழுதக்கூடாது. சோடியம் அசிட்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஆரஞ்சு தணிந்து மஞ்சள் வீழ்படிவு இறங்கிவிட்டது. அசிட்டிக் அமிலம் இடைப்பட்ட நிலை. அதில் இருக்கும் சிறிதளவு குரோமேட் பேரியத்தை வீழ்த்தப் போதும், ஸ்ட்ரான்ஷியத்தை வீழ்த்தப் போதாது. ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டும் மஞ்சள்தான். அமிலமே இல்லாத கரைசலில் அதுவும் விழுந்து குழப்பும்.

அடுத்தது ஒன்றும் இரண்டும். இவற்றுக்கு அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதிலாக ஜிப்சம் நீர் பயன்படுத்தினேன், அதாவது கால்சியம் சல்பேட்டின் தெவிட்டிய கரைசல். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு ஸ்பூன் எடுத்து வாலை வடிநீரில் நன்றாகக் குலுக்கி, இரவு முழுக்க வைத்து, மேலே தெளிந்ததை வடிகட்டினால் ஆயிற்று. இதன் அழகு என்னவென்றால், இதில் இருக்கும் சல்பேட் கால்சியத்துக்குத் தாங்கும் அளவோடு நிற்கிறது. நீர்த்த கால்சியம் கரைசலில் இதைச் சேர்த்தால் வீழ்படிவு வராது. ஸ்ட்ரான்ஷியம் அந்தக் கொஞ்சச் சல்பேட்டையே பிடித்துக்கொண்டு விழும். கெட்டியான கரைசலில் இதுவும் ஏமாற்றலாம், எனவே இங்கும் அரிசி அளவுதான்.

இரண்டு கரைசலிலும் சம அளவு ஜிப்சம் நீர் ஊற்றினேன். இரண்டுமே தெளிவாகத்தான் இருந்தன. அவசரப்படுகிறவர் இங்கே 'இரண்டும் கால்சியம்' என்று முடிவு கட்டிவிடுவார். ஸ்ட்ரான்ஷியம் சல்பேட் தயங்கித் தயங்கித்தான் விழும். குழாய்களை வெந்நீரில் நிறுத்தி, கண்ணாடிக் கோலால் உள்சுவரை லேசாகத் தேய்த்தேன். இரண்டாவது குழாயில் கோல் உரசிய கோடுகளில் முதலில் வெள்ளை படர்ந்தது, பிறகு கரைசல் முழுக்கக் கலங்கியது. முதல் குழாய் வெந்நீரிலேயே இருந்தும் தெளிவாகவே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது கரைசலிலும் ஜிப்சம் நீர் விட்டேன். பேரியம் கணநேரம்கூடக் காத்திருக்கவில்லை.

கடைசியாக, ஜிப்சம் நீர் படாத முதல் கரைசலில் இன்னொரு பங்குக்கு அம்மோனியம் ஆக்சலேட். வெள்ளை வீழ்படிவு வந்தது, அசிட்டிக் அமிலத்தில் கரையவில்லை, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்தது. கால்சியம் ஆக்சலேட் அப்படித்தான் நடந்துகொள்ளும். இந்தச் சோதனையைக் கடைசிக்கு வைப்பதன் காரணம், ஸ்ட்ரான்ஷியமும் பேரியமும் ஆக்சலேட்டுடன் வெள்ளையாக விழக்கூடியவை. அவை இல்லை என்று முதலில் காட்டிய பின்புதான் ஆக்சலேட்டின் சொல்லுக்கு மதிப்பு. குரோமேட், சல்பேட், ஆக்சலேட் என்ற வரிசையை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் அந்த வரிசை என்று தெரிந்தால் மனப்பாடமே வேண்டாம்.

இப்போது அந்த ஐந்தாவது வெற்றுக் குழாய். அதிலும் ஆக்சலேட் ஊற்றினேன், தெளிவாக இருந்தது. பிறகு குழாய் கழுவும் போர்வெல் தண்ணீரைத் தனியாக எடுத்து ஆக்சலேட் விட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிக் கலங்கியது. எங்கள் ஊர்த் தண்ணீர் கடினநீர், அதில் கால்சியம் தாராளமாக உண்டு. வெள்ளி நைட்ரேட் விட்டால் குளோரைடுக்கும் இதே கதைதான். குழாயைப் போர்வெல் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு அப்படியே எடுத்தால், உப்பில் இல்லாத கால்சியமும் குளோரைடும் குழாயிலிருந்தே வந்துவிடும். ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் இரண்டு குழாயையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து கடைசி அலசல் வாலை வடிநீரில்தான். வாலை வடிநீர் கேனைத் திறந்து வைத்துவிட்டுப் போர்வெல் தண்ணீரால் நிரப்பிவிடுகிற ஆபத்தும் உண்டு, அதையும் வெற்றுக் குழாய் காட்டிக் கொடுத்துவிடும்.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரைசலில் அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாக் கரைசலும் சேர்த்தபோது எதுவும் விழவில்லை. டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் விட்டுச் சுவரைத் தேய்த்ததும் வெள்ளைப் படிகம் இறங்கியது. மக்னீசியம். இதில் எச்சரிக்கை அம்மோனியாப் புட்டி பற்றியது. நாள்பட்டுத் திறந்து மூடிய அம்மோனியாக் கரைசல் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட கரைசலை முழுப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதிக்கு ஊற்றினால் கால்சியமும் பேரியமும் அங்கேயே கார்பனேட்டாக விழுந்து, வெள்ளையாக இருப்பதால் அலுமினியம் என்று எழுத வைத்துவிடும். அம்மோனியா கெட்டுவிட்டதா என்று பார்க்க, அதில் சில துளி கால்சியம் குளோரைடு கரைசல் விடுங்கள். உடனே வெள்ளையாகக் கலங்கினால் புதுப் புட்டி திறக்க வேண்டும்.

முதல் புட்டியின் முடிவைச் சரிபார்க்க, கார்பன் டை ஆக்சைடு தயாரிக்க வைத்திருக்கும் சலவைக்கல் துண்டைப் பொடித்து அதே வரிசையில் ஓட்டினேன். குரோமேட்டில் ஒன்றுமில்லை, ஜிப்சம் நீரில் ஒன்றுமில்லை, ஆக்சலேட்டில் வெள்ளை. சுடரும் அதே செங்கல் சிவப்பு வீச்சு. தெரிந்த பொருள் ஒன்றைக் கூடவே ஓட்டிப் பார்க்கும்போது, நம் வினைப்பொருள்கள் இன்னும் சரியாக வேலை செய்கின்றனவா என்பதும் தெரிந்துவிடுகிறது.

பேரியக் கழிவைத் தொட்டியில் ஊற்றவில்லை. குரோமேட் படாத பேரியக் கரைசல்களை ஒரு பீக்கரில் சேர்த்து, சோடியம் சல்பேட் கரைசலை இனி வெள்ளை வராது என்னும் வரை ஊற்றினேன். பேரியம் முழுக்கச் சல்பேட்டாகக் கீழே இறங்கிவிடும். எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்கு விழுங்கக் கொடுக்கும் பேரியமும் இதே சல்பேட்தான். கரையவே கரையாது என்பதால்தான் அதைக் கொடுக்க முடிகிறது. வடிகட்டிய படிவை ஜாடியில் போட்டு மூடி வைத்தேன். குரோமேட் கலந்தவை தனி ஜாடி, அதைத் தொடும்போது கையுறை கட்டாயம். மூன்றாவது புட்டி இப்போது பூட்டிய அலமாரியில் நஞ்சுப் பொருள்கள் தட்டில் இருக்கிறது. மாணவர்களுக்குக் கால்சியமும் ஸ்ட்ரான்ஷியமும், கூடவே ஆளுக்கொரு நீலக் கண்ணாடித் துண்டும் கொடுக்கிறோம். அடர் அமிலப் புட்டியைத் தனி அலமாரிக்கு மாற்றியாயிற்று.